அடுத்தடுத்து இரண்டு கோலி: மரமா, கட்டமா, சூத்திரமா?

ஒரு பையில் 5 சிவப்புக் கோலி, 3 நீலக் கோலி. பார்க்காமல் கையை விட்டு ஒன்றை எடுக்கிறோம். அதைத் திரும்பப் போடாமல் இன்னொன்றை எடுக்கிறோம். முதலில் சிவப்பு, அடுத்து நீலம் வருவதற்கான நிகழ்தகவு என்ன?

மாலை வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தபோது மூன்று பிள்ளைகள் மூன்று வழியில் போட்டார்கள். ஒரு பையன் எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு ஒவ்வொன்றாக எண்ணினான். இன்னொருத்தி மர வரைபடம் வரைந்தாள். மூன்றாமவள் அக்காவிடம் படித்துவைத்திருந்த 8C2 சூத்திரத்தை எடுத்தாள். முதல் இருவருக்கும் 15/56 வந்தது. மூன்றாமவளுக்கு 15/28 வந்தது, சரியாக இரண்டு மடங்கு.

"சார், சூத்திரத்துல எங்கயும் தப்பு இல்லையே, மூணு தடவை பாத்துட்டேன்" என்றாள். உண்மைதான், அவள் கணக்கில் ஓர் எண்கூடத் தப்பில்லை. அவள் கண்டுபிடித்தது வேறொரு கேள்விக்கான விடை. எந்த வழியை எப்போது எடுப்பது என்று பிள்ளைகளுக்கு முறையாகச் சொல்லித் தர வேண்டும் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது. இதே பையை வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பார்ப்போம்.

கட்டத்தில் தொடங்குகிறேன், அதுதான் எதையும் ஒளிக்காத வழி. கோலிகளுக்கு மனதுக்குள் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்: சி1 முதல் சி5 வரை, நீ1 முதல் நீ3 வரை. முதலில் எடுத்த கோலியைக் கட்டத்தின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகவும், இரண்டாவது கோலியை மேல் ஓரத்தில் இடமிருந்து வலமாகவும் எழுதுங்கள். மொத்தம் 64 அறைகள். எடுத்த கோலியையே மறுபடி எடுக்க முடியாது என்பதால் சி1–சி1, சி2–சி2 என்று மூலைவிட்டத்தில் வரும் 8 அறைகளையும் அடித்துவிட வேண்டும். மிச்சம் 56. இந்த 56 அறைகளும் சம வாய்ப்புள்ளவை, எந்த ஓர் அறையும் இன்னொன்றைவிட அதிகம் நிகழக் காரணமில்லை.

இனி எண்ணினால் போதும். இரண்டும் சிவப்பான பகுதி ஐந்துக்கு ஐந்து, அதில் அடித்தவை 5, மிச்சம் 20. முதலில் சிவப்பு, பின் நீலம் 15. முதலில் நீலம், பின் சிவப்பு 15. இரண்டும் நீலமான மூன்றுக்கு மூன்றில் அடித்தவை போக 6. கூட்டினால் 56 வருகிறது. கேட்ட கேள்விக்கு விடை 15/56.

கட்டத்தின் பெருமை, 56 எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்க்கலாம் என்பது. "இரண்டாவது தடவை ஏன் சார் ஏழால வகுக்கிறோம்?" என்று கேட்கும் பிள்ளைக்கு நான் வாயால் விளக்குவதை விட்டுவிட்டு ஒரு வரிசையைக் காட்டுகிறேன்: எட்டு அறை, ஒன்று அடிபட்டிருக்கிறது, ஏழு மிச்சம். ஆனால் பையில் 20 கோலி இருந்தால் 400 அறை போட வேண்டும். மூன்று கோலி எடுக்கச் சொன்னாலோ, தாளில் வரையவே முடியாது. கட்டத்துக்கு இரண்டு ஓரம்தான் உண்டு, மூன்றாவது எடுப்புக்கு இடம் இல்லை. இலங்கையில் படித்தவர்கள் இந்தக் கட்டத்தை நெய்யரி என்பார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும்.

அடுத்து சூத்திரம். எட்டிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்க 8C2 = 28 வழிகள். ஐந்து சிவப்பில் ஒன்று, மூன்று நீலத்தில் ஒன்று எடுக்க 5 × 3 = 15 வழிகள். 15/28. இரண்டு வரியில் கணக்கு முடிந்துவிட்டது. தேர்வில் நேரம் குறைவாக இருக்கும்போது இந்த வேகம் பெரிய உதவிதான்.

ஆனால் 28 என்பது என்ன? அது சோடிகளின் எண்ணிக்கை. சி1, நீ2 என்ற சோடியில் எது முதலில் வந்தது என்ற செய்தி இல்லை. கட்டத்தில் இந்தச் சோடி இரண்டு அறைகளில் இருந்தது, ஒன்று சிவப்பு முந்தியது, மற்றது நீலம் முந்தியது. சூத்திரம் அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது, அதனால்தான் 56 பாதியாகி 28 ஆனது. "ஒரு சிவப்பும் ஒரு நீலமும்" என்று கேள்வி இருந்தால் 15/28 சரியான விடை. கட்டத்தில் பார்த்தாலும் 15 + 15 = 30, அதாவது 30/56, அதே விடைதான். "முதலில் சிவப்பு, அடுத்து நீலம்" என்று கேட்டால் இந்த விடை இரண்டு மடங்காகிவிடும். அந்தப் பெண் விழுந்தது இந்தக் குழியில்தான்.

இந்தத் தவற்றில் ஆபத்து என்னவென்றால், விடையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. 15/28 ஒன்றைவிடச் சிறியது, பார்க்க நியாயமாகவே இருக்கிறது. வரிசை கேட்கப்பட்டதா என்று கேள்வியைத் திரும்பப் படித்தால் மட்டுமே பிடிபடும். "முதலில்", "அடுத்து", "இரண்டாவது", "பின்னர்" ஆகிய சொற்களில் ஒன்று கேள்வியில் இருந்தால் சூத்திரத்தைத் தள்ளி வைத்துவிடுங்கள் என்று நான் சொல்லித் தருகிறேன். "இரண்டு கோலிகள் ஒரே நேரத்தில் எடுக்கப்படுகின்றன" என்றிருந்தால் அங்கே வரிசைக்கே இடமில்லை, சூத்திரம் நன்றாகப் பொருந்தும்.

இப்போது மரம். இந்த வகைக் கேள்விக்கு நான் முதலில் கையில் எடுப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

தாளின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி. அதிலிருந்து இரண்டு கிளைகள், மேலே சிவப்பு, கீழே நீலம். சிவப்புக் கிளைமேல் 5/8, நீலக் கிளைமேல் 3/8. இப்போது சிவப்புக் கிளையின் நுனிக்குப் போய் அங்கே நின்றுகொண்டு பையைப் பாருங்கள். ஒரு சிவப்பு வெளியே வந்துவிட்டது, பையில் 4 சிவப்பும் 3 நீலமும் இருக்கின்றன. ஆகவே அங்கிருந்து கிளம்பும் கிளைகள் 4/7, 3/7. பிறகு நீலக் கிளையின் நுனிக்குப் போங்கள். அங்கே பையில் 5 சிவப்பு, 2 நீலம். கிளைகள் 5/7, 2/7.

```
       ┌─ 4/7  சி    சி சி   20/56
5/8 சி ┤
       └─ 3/7  நீ    சி நீ   15/56
       ┌─ 5/7  சி    நீ சி   15/56
3/8 நீ ┤
       └─ 2/7  நீ    நீ நீ    6/56
```

ஒரு வரிசையின் நிகழ்தகவு வேண்டுமென்றால் அந்தப் பாதையில் வரும் எண்களைப் பெருக்க வேண்டும். சிவப்பு, நீலம் என்ற பாதை 5/8 × 3/7 = 15/56. ஏன் பெருக்க வேண்டும் என்று கேட்டால், இந்த விளையாட்டை 56 தடவை ஆடியதாக நினைத்துப் பாருங்கள். சராசரியாக 35 தடவை முதல் கோலி சிவப்பாக இருக்கும். அந்த 35-இல் ஏழில் மூன்று பங்கு, அதாவது 15 தடவை, அடுத்தது நீலம். பங்கிலிருந்து பங்கு எடுக்கிறோம், அதற்குத்தான் பெருக்கல். பின்னங்களில் தடுமாறும் பிள்ளைகளுக்கு நான் மரத்தையே இப்படி வரைந்து காட்டுவதுண்டு: தொடக்கப் புள்ளியில் 56, கிளை நுனிகளில் 35, 21, கடைசியில் 20, 15, 15, 6. முழு எண்களாக எழுதினால் அதே மரம் எளிதாகப் புரிந்துவிடுகிறது.

ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் கேள்விக்குப் பொருந்தினால் அவற்றின் விடைகளைக் கூட்ட வேண்டும். இரண்டும் ஒரே நிறம் என்றால் 20/56 + 6/56 = 26/56. ஒரு நீலமாவது என்றால் மூன்று பாதைகளைக் கூட்டலாம், அல்லது நீலமே இல்லாத ஒரே பாதையை ஒன்றிலிருந்து கழிக்கலாம்: 1 − 20/56 = 36/56. பாதை நெடுகப் பெருக்கல், இலைகளுக்கு இடையே கூட்டல். இதை மாற்றிச் செய்தவர்களின் விடை சில நேரம் ஒன்றைத் தாண்டிவிடும். 5/8 + 4/7 என்று கூட்டினால் 67/56 வருகிறது, அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

மரத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவற்றை இப்படி மரமே காட்டிக்கொடுத்துவிடும், இதுதான் என் கணக்கில் அதன் முதல் தகுதி. ஒவ்வொரு கணுவிலிருந்தும் கிளம்பும் கிளைகளைக் கூட்டினால் 1 வர வேண்டும். எல்லா இலைகளையும் கூட்டினாலும் 1 வர வேண்டும். நீலக் கணுவில் பழக்க தோஷத்தில் 4/7 என்று எழுதிவிட்டால் பக்கத்துக் கிளை 2/7, கூட்டினால் 6/7. உடனே பிடிபடும். இந்தச் சோதனை வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: பின்னங்களைச் சுருக்கக் கூடாது. 20/56-ஐ 5/14 என்றும் 6/56-ஐ 3/28 என்றும் உடனே சுருக்கிவிட்டால் கூட்டிச் சரிபார்க்க மறுபடி பொதுப் பகுதி தேட வேண்டியிருக்கும். சுருக்குவதெல்லாம் கடைசி வரியில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையில் சிக்காத தவறும் ஒன்று உண்டு. இரண்டாவது எடுப்பிலும் 5/8, 3/8 என்றே எழுதிவிட்டால் கிளைகளும் 1, இலைகளும் 1. எல்லாம் சரியாக இருக்கும், விடை மட்டும் திருப்பிப் போட்டு எடுக்கும் கணக்கின் விடையாக இருக்கும்: 25/64, 15/64, 15/64, 9/64. ஆகவே இலையின் பகுதியைப் பாருங்கள். 64 என்றால் கோலி பைக்குத் திரும்பியிருக்கிறது, 56 என்றால் திரும்பவில்லை. கேள்வியில் எது சொல்லியிருக்கிறது என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு தவறு பழமையானது. மரத்தில் நான்கு இலைகள் தெரிகின்றன, ஆகவே ஒவ்வொன்றும் 1/4 என்று நினைப்பது. சிறு பிள்ளைகள் மட்டும் செய்யும் தவறல்ல இது. 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் டாலம்பேர் என்ற பெரிய கணித அறிஞர், ஒரு நாணயத்தை இரண்டு தடவை சுண்டினால் தலை ஒரு தடவையாவது விழ வாய்ப்பு 2/3 என்று எழுதினார். முதல் சுண்டலிலேயே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, இரண்டாவது தேவையில்லை. ஆகவே தலை, பூ–தலை, பூ–பூ என மூன்றே நிலைகள், அவற்றில் இரண்டு சாதகம் என்பது அவர் வாதம். மரம் போட்டுப் பார்த்தால் அவர் எங்கே வழுக்கினார் என்று தெரியும். அந்த மூன்று இலைகள் இருப்பது உண்மை. ஆனால் முதல் இலை ஒரே கிளையின் நுனியில் இருக்கிறது, அதன் எடை 1/2. மற்ற இரண்டும் இரண்டு கிளை தள்ளி இருப்பதால் ஆளுக்கு 1/4. சரியான விடை 3/4. இலைகளை எண்ணாதீர்கள், கிளைகளின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்வேன்.

மரத்துக்குப் போட்டியே இல்லாத இடம் ஒன்று உண்டு: முதல் கோலியின் நிறத்தைப் பொறுத்து விதி மாறும் கணக்குகள். ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போல்யா, எகன்பெர்கருடன் சேர்ந்து 1923-இல் வெளியிட்ட மாதிரியை எடுத்துக்கொள்வோம். எடுத்த கோலியைத் திருப்பிப் போடுவதோடு அதே நிறத்தில் இன்னொரு கோலியையும் பையில் சேர்க்க வேண்டும். தொற்றுநோய் பரவுவதை விளங்கிக்கொள்ள அவர்கள் அமைத்த மாதிரி இது. ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. நம் பையில் இதைச் செய்தால் சிவப்புக் கணுவில் நின்று பார்க்கும்போது 6 சிவப்பு, 3 நீலம் இருக்கும். நீலக் கணுவில் 5 சிவப்பு, 4 நீலம். இலைகள் 30/72, 15/72, 15/72, 12/72. கட்டத்தில் இதை எப்படிப் போடுவது? எந்த வரிசையில் எந்த அறையைச் சேர்ப்பது என்று யோசிக்கவே அரை மணி நேரம் ஆகும். 8C2 சூத்திரத்தால் எதுவும் செய்ய முடியாது. மரத்தில் நான்கு பின்னங்களை மாற்றினால் வேலை முடிந்தது. ஒவ்வொரு கணுவிலும் நின்று பையைப் பார்ப்பது என்ற ஒரே பழக்கம் இங்கேயும் கைகொடுக்கிறது.

மரம் சறுக்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். "இரண்டாவது கோலி சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?" என்று கேட்டுப் பாருங்கள், முதல் கோலியைப் பற்றி எதுவும் சொல்லாமல். மரம் வரைந்த பிள்ளைகளில் பாதிப் பேர் 4/7 என்பார்கள், மீதிப் பேர் 5/7 என்பார்கள். இரண்டும் மரத்தில் இருக்கும் எண்கள், ஆனால் இரண்டுமே விடையல்ல. சிவப்பில் முடியும் இரண்டு இலைகளையும் கூட்ட வேண்டும்: 20/56 + 15/56 = 35/56, அதாவது 5/8. முதல் கோலிக்கு இருந்த அதே வாய்ப்பு!

இந்த விடையைக் கண்டு பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பையில் ஒரு கோலி குறைந்த பிறகும் எப்படி அதே 5/8 என்று கேட்பார்கள். மரத்தை வைத்து இதை விளக்குவது கடினம், கூட்டினால் அப்படி வருகிறது என்று மட்டும்தான் அது சொல்லும். கட்டத்தைக் கொண்டுவந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இரண்டாவது கோலி மேல் ஓரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நிரலிலும் ஓர் அறை அடிபட்டு ஏழு மிச்சம். சிவப்பு நிரல்கள் ஐந்து, எல்லா நிரல்களும் ஒரே அளவு, ஆகவே எட்டில் ஐந்து. முதல் கோலியைப் பார்க்காமல் மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும்போது, அந்த எட்டுக் கோலிகளில் எதுவும் மற்றதைவிட அதிகமாக நம் கைக்கு வரக் காரணமில்லை. முதல் நிறத்தைப் பார்த்துவிட்டால்தான் 4/7 அல்லது 5/7. பார்த்தோமா இல்லையா என்பதுதான் வேறுபாடு. திருப்பிப் போட்டாலும் 40/64, போல்யா முறையில் 45/72, எல்லாமே 5/8 என்று இலைகளைக் கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மரத்தைப் பின்னோக்கிப் படிப்பதும் இப்படித்தான். இரண்டாவது சிவப்பு என்று தெரிந்துவிட்டது, முதலாவது சிவப்பாக இருந்திருக்க வாய்ப்பு என்ன? கிளைகளின் மேல் அந்த எண் எழுதியிருக்காது, ஏனென்றால் கிளைகள் இடமிருந்து வலமாக மட்டுமே பேசும். சிவப்பில் முடியும் இலைகள் 20-உம் 15-உம், அவற்றில் சிவப்பில் தொடங்கியது 20. ஆகவே 20/35. பகுதி பொதுவாக 56 என்றே வைத்திருந்ததால் தொகுதிகளை மட்டும் எடுத்து வகுக்க முடிகிறது. முன்னமே சுருக்காதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறங்கள் கூடினால் மரம் படர்ந்துவிடும். மூன்று நிறம் என்றால் இரண்டு எடுப்புக்கு 9 இலைகள், மூன்று எடுப்புக்கு 27. இரண்டு எடுப்பு வரை பரவாயில்லை. அதிலும் கேள்வி சிவப்பைப் பற்றி மட்டும் இருந்தால் மற்ற நிறங்களை எல்லாம் "சிவப்பல்லாதது" என்ற ஒரே கிளையாக்கிவிடலாம், ஒன்பது இலை நான்காகிவிடும். எடுப்புகள் கூடும்போது இந்த வழி உதவாது. எட்டிலிருந்து ஐந்து கோலிகளை அடுத்தடுத்து எடுத்தால் பாதைகள் 30-ஐ நெருங்கும், யாரும் அதை வரைய மாட்டார்கள்.

அப்போது நான் மரத்தையும் சூத்திரத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். ஐந்தில் மூன்று சிவப்பு, இரண்டு நீலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மரத்தில் ஒரே ஒரு பாதையை மட்டும் மனதில் வரைந்து பெருக்குகிறேன், சிவப்பு மூன்றும் முதலில் வரும் பாதை: 5/8 × 4/7 × 3/6 × 3/5 × 2/4 = 360/6720, சுருக்கினால் 3/56. வேறு எந்த வரிசையை எடுத்தாலும் தொகுதியில் அதே எண்கள் இடம் மாறி நிற்கும், பகுதியில் 8, 7, 6, 5, 4 அப்படியே இருக்கும். ஆகவே எல்லாப் பாதைகளுக்கும் ஒரே எடை. அப்படிப்பட்ட பாதைகள் எத்தனை? ஐந்து இடங்களில் சிவப்புக்கு மூன்று இடம் தேர்ந்தெடுக்க 5C3 = 10. பத்து தடவை 3/56, அதாவது 30/56. குறிப்பிட்ட வரிசை ஒன்றைக் கேட்டிருந்தால் பத்தால் பெருக்காமல் 3/56-இலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். 15/28 போட்ட அந்தப் பெண்ணுக்கு இந்தக் கணக்கைக் கொடுத்தேன். பத்தால் பெருக்கும் வரிக்கு முன்னால் பேனாவை நிறுத்தி, கேள்வியைத் திரும்ப ஒரு தடவை படித்தாள்.